வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறும்போது பாட்டு நிற்கிறதா? எந்த வழி யாருக்கு உதவும்

வீட்டு வைஃபையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடியிறங்கித் தெருவுக்கு வருவோம், பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் பாட்டு நின்றிருக்கும். போனை எடுத்துப் பார்த்தால் சிக்னல் முழுசாக இருக்கும், 4ஜி என்றோ 5ஜி என்றோ எழுதியும் இருக்கும், பாட்டு மட்டும் ஓடாது. யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். டெவலப்பர் செட்டிங்கில் ஒன்றை ஆன் பண்ணு, பாட்டையெல்லாம் டவுன்லோட் பண்ணி வை, விபிஎன் போடு, ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடு. இதில் சிலது உண்மையிலேயே வேலை செய்யும், சிலதுக்கும் இந்தப் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன் பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான போன்களில் பாட்டு நிற்பது வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறுவதால் இல்லை, மாற வேண்டிய நேரத்தில் போன் மாறாமல் இருப்பதால்தான். வைஃபை செத்துக்கொண்டிருக்கும்போதும் போன் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இருக்கும், அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் பாட்டுக்கு வரவேண்டிய டேட்டா வந்து சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றாவது மாடியில் வீடு, ஹாலில் ரௌட்டர். பாட்டு 160 கேபிபிஎஸ் தரத்தில் ஓடுகிறது, அதாவது நொடிக்கு 20 கேபி, நிமிடத்துக்கு 1.2 எம்பி. ஆப் எப்போதும் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், அதுதான் பஃபர். எவ்வளவு முன்கூட்டி என்பது ஆப்புக்கு ஆப் மாறும். ஆண்ட்ராய்டில் நிறைய ஆப்கள் பயன்படுத்துகிற எக்ஸோபிளேயர் என்ற கூகுளின் பிளேயரில், ஆப் எழுதியவர் எதையும் மாற்றாமல் விட்டால், அது 50 நொடி. இப்போது கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறோம். இரண்டாவது மாடி வரைக்கும் சிக்கல் இல்லை. முதல் மாடியில் நடுவே இரண்டு கான்க்ரீட் தளம் வந்துவிடுகிறது, வைஃபை ஒரு கோடு காட்டுகிறது, டேட்டா விட்டு விட்டு வருகிறது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சிக்னல் -80 டிபிஎம்முக்கும் கீழே, அதாவது மிகவும் பலவீனமாகப் போய்விட்டது, கனெக்‌ஷன் மட்டும் அறுபடவில்லை, அதனால் போனைப் பொறுத்தவரை இன்னும் வைஃபையில்தான் இருக்கிறோம். வாட்ச்மேனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு கேட்டைத் தாண்டித் தெருவில் கொஞ்ச தூரம் நடக்கும்போதுதான் வைஃபை ஒரேயடியாக அறுந்து டேட்டாவுக்குப் போகிறது. முதல் மாடியிலிருந்து இந்த இடம் வரைக்கும் ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும், கையில் இருந்த பஃபரோ 50 நொடி. மீதி 40 நொடிக்கு எதை ஓட்டுவது?

இதற்கு மேல் இன்னொரு தாமதமும் சேரும். வைஃபை சட்டென்று அறுந்தால் ஆப்புக்கு உடனே தகவல் போய்விடும், புதுசாக ஒரு இணைப்பை ஆரம்பித்துக்கொள்ளும். அறுபடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் எந்தத் தகவலும் போகாது, வரும் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன எக்ஸோபிளேயரில் அந்தக் காத்திருப்பு வழக்கமாக 8 நொடி, அதன் பிறகுதான் மறுபடி முயற்சி. சில முயற்சியும் தோற்றுவிட்டால் பல ஆப்கள் பேசாமல் பாட்டை நிறுத்திவிடும். டேட்டா வந்த பிறகும் தானாக ஓடாமல், நாம் கையால் பிளே அழுத்த வேண்டியிருப்பது அதனால்தான்.

மாறும் அந்தக் கணத்தில் ஒன்றுமே நடக்காது என்று சொல்லவில்லை. வைஃபையில் இருக்கும்போது ஒரு ஐபி முகவரி, டேட்டாவில் வேறு ஒன்று. ஆப்பும் சர்வரும் டேட்டாவைப் பரிமாறிக்கொள்ளும் டிசிபி இணைப்பு, இரண்டு முனைகளின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் வைத்துத்தான் அடையாளம் காணப்படுகிறது, அதில் ஒன்று மாறினாலும் பழைய இணைப்பு செத்துப்போகும். ஆனால் புதுசாக ஒன்றைத் தொடங்க நல்ல சிக்னலில் ஓரிரு நொடி போதும், 50 நொடி பஃபர் இருக்கும்போது அது காதுக்கே தெரியாது.

முதலில் ஒரு சோதனை

வீட்டிலேயே, ரௌட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு செய்யலாம். இதுவரை கேட்காத ஒரு பாட்டைப் போடுங்கள், ஏனென்றால் ஏற்கெனவே கேட்டது போனிலேயே சேமிக்கப்பட்டிருக்கலாம். பத்து நொடி ஓடட்டும், அப்புறம் வைஃபையைக் கையால் ஆஃப் செய்யுங்கள். போனைப் பூட்டிவிட்டுச் சும்மா கேளுங்கள். அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் தொடங்கும் வரை கேட்க வேண்டும், நடுவில் எழுந்துவிட்டால் பாதி விஷயம்தான் தெரியும். பல ஆப்கள் ஓடுகிற பாட்டை முழுசாகவே இறக்கி வைத்துக்கொள்ளும், அவற்றில் அடுத்த பாட்டுக்குப் போகும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

இரண்டு பாட்டும் தடங்கல் இல்லாமல் ஓடினால் உங்கள் போனும் ஆப்பும் மாறுவதில் கெட்டிக்காரர்கள். படிக்கட்டில் செத்துக்கொண்டிருக்கும் வைஃபைதான் உங்கள் பிரச்சினை. மாறாக இந்தச் சோதனையிலேயே பாட்டு நின்றுவிட்டால், கீழே சொல்லப்போகும் எந்த வழிக்கும் போகாமல் முதலில் செட்டிங்கைப் பாருங்கள். யூடியூப் மியூசிக்கில் Stream via Wi-Fi only என்று ஒன்று இருக்கிறது, அது ஆனில் இருந்தால் வைஃபை போன மறுநிமிடம் பாட்டு நிற்கத்தான் செய்யும், அதன் வேலையே அது. ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும், எப்போதோ டேட்டா மிச்சம் பிடிக்க அணைத்து வைத்தது இன்னும் அப்படியே இருக்கலாம். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் டேட்டா பக்கத்தில் Background data அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். போனைத் திறந்தால் பாட்டு வருகிறது, பூட்டினால் கொஞ்ச நேரத்தில் நிற்கிறது என்றால் இதுவாக இருக்கலாம், அல்லது பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைப் பின்னணியில் ஓடவிடாமல் செய்கிறது.

இதெல்லாம் சரியாக இருக்கிறது, படிக்கட்டு வைஃபைதான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது என்றால் இப்போது வழிகளை ஒப்பிடலாம்.

கிளம்பும் முன் வைஃபையை அணைப்பது

மிகவும் சாதாரணமான வழி, ஆனால் நான் முதல் மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். வீட்டுக்குள் நல்ல சிக்னலில் இருக்கும்போதே, பஃபர் நிறைந்திருக்கும்போதே மாறிவிடுகிறோம், படிக்கட்டுப் பிரச்சினையே எழாது. செருப்பு மாட்டும்போது ஆஃப் செய்தால் போதும்.

டேட்டா தீர்ந்துவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: 160 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 72 எம்பி. உயர்ந்த தரமான 320 வைத்தால் 144 எம்பி. தினமும் 1.5 ஜிபி கிடைக்கிற பேக் போட்டிருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அனுப்பி வைக்கிற வீடியோக்கள் இதைவிட அதிகம் சாப்பிடும்.

மறந்துபோவதுதான் இதில் உண்மையான குறை. அணைக்க மறப்போம், அல்லது திரும்பி வந்து ஆன் செய்ய மறந்து ராத்திரி முழுக்க டேட்டாவில் படம் பார்ப்போம். இரண்டாவது மறதிக்கு போனிலேயே மருந்து உண்டு. ஆண்ட்ராய்டில் Turn on Wi-Fi automatically என்ற செட்டிங்கை ஆன் செய்து வைத்தால், பதிவான நல்ல வைஃபை அருகில் வந்ததும் தானாக ஆன் ஆகிவிடும். வீட்டில் இருந்தபடி ஆஃப் செய்தால் உடனே மறுபடி ஆன் ஆகிவிடாதா என்று கேட்கலாம், ஆகாது. அணைத்தபோது எந்த வைஃபை பக்கத்தில் இருந்ததோ அது கண்ணில் படாத தூரம் போய்விட்டுத் திரும்பினால்தான் எழுப்பும், அந்த அளவுக்கு யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். லொகேஷன் ஆனில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐபோனில் கண்ட்ரோல் சென்டரில் உள்ள வைஃபை பட்டனைத் தொட்டால் அது வைஃபையை முழுசாக அணைப்பதில்லை, இருக்கிற நெட்வொர்க்கைத் துண்டித்து, தானாக மறுபடி சேராமல் நிறுத்தி வைக்கிறது. வேறு இடத்துக்குப் போனாலோ மறுநாள் காலை 5 மணி ஆனாலோ பழையபடி சேர ஆரம்பிக்கும். எரிச்சலாகத் தோன்றும் இந்தப் பழக்கம் நம் காரியத்துக்கு மிகவும் பொருத்தமானது.

முதல் மறதிக்கு, அதாவது அணைக்க மறப்பதற்கு, ஆட்டோமேஷன் வைக்கலாம். ஐபோனில் ஷார்ட்கட்ஸ் ஆப், சாம்சங்கில் Modes and Routines. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் கொஞ்சம் கஷ்டம், ஆண்ட்ராய்டு 10 முதல் வெளி ஆப்கள் வைஃபையைத் தொட முடியாதபடி கூகுள் தடுத்துவிட்டது, போன் கம்பெனியே கொடுத்த கருவி இருந்தால்தான் உண்டு. எதை வைத்துத் தூண்டுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லோரும் முதலில் வைப்பது 'வீட்டை விட்டுக் கிளம்பினால்' என்ற லொகேஷன் தூண்டல். அது உதவாது. ஷார்ட்கட்ஸில் அந்த வட்டத்தை 100 மீட்டருக்குக் கீழே சுருக்க முடியாது, அதைத் தாண்டுவதற்குள் வைஃபை செத்து, பாட்டு நின்று, நீங்கள் போனை எடுத்துத் திட்டியும் முடித்திருப்பீர்கள். காரில் போகிறவர்களுக்குச் சரியான தூண்டல் கார் புளூடூத். வண்டி இன்னும் நிறுத்துமிடத்தில் இருக்கும்போதே புளூடூத் சேர்ந்துவிடும், அப்போதே வைஃபை அணையும். நடந்து போகிறவருக்கு அந்த வசதி இல்லை, ஹெட்போனை வீட்டுக்குள்ளும் மாட்டுவோம் என்பதால் அதைத் தூண்டலாக வைப்பதும் சரிவராது. தினமும் ஒரே நேரத்தில் கிளம்புகிறவர் என்றால் நேரத்தை வைக்கலாம். இல்லாவிட்டால் கைதான்.

போனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது

வைஃபை மோசமானால் தானாக டேட்டாவுக்குத் தாவும் வசதி இன்று பல போன்களில் இருக்கிறது, பெயர்தான் வேறு வேறு. சாம்சங்கில் வைஃபை பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் Intelligent Wi-Fi என்பதற்குள் Switch to mobile data இருக்கும். மற்ற கம்பெனிகளும் வைஃபை பக்கத்தில், கூடுதல் செட்டிங் மாதிரி ஒரு இடத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள், வைஃபை அசிஸ்டன்ட் என்பது போல ஒரு பெயர் இருக்கும். ஆண்ட்ராய்டில் இதை ஆன் செய்து வையுங்கள் என்றுதான் சொல்வேன், தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தை இது நிஜமாகவே குறைக்கும். ஒன்றரை நிமிடம் அரை நிமிடமாகச் சுருங்கினாலே 50 நொடி பஃபர் அதைத் தாங்கிவிடும். குறை என்னவென்றால், வீட்டிலேயே பின்பக்க அறையில் வைஃபை பலவீனமாக இருப்பவர்களுக்கு வீட்டுக்குள்ளும் டேட்டா செலவாகும். படுக்கையறையில் ஓடுகிற படம் டேட்டாவில் ஓடுவது மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

இதோடு சேர்த்துச் சொல்லப்படுவது, டெவலப்பர் ஆப்ஷனில் உள்ள Mobile data always active. About phone பக்கத்தில் Build number-ஐ ஏழு முறை தட்டினால் அந்த மெனு திறக்கும். இது செய்வது ஒன்றே ஒன்றுதான்: வைஃபையில் இருக்கும்போதும் டேட்டா இணைப்பைத் தயாராக வைத்திருக்கும், மாறும்போது முதலிலிருந்து எழுப்ப வேண்டியதில்லை. மிச்சமாவது சில நொடி. போன் எப்போது மாற வேண்டும் என்பதை இது தீர்மானிப்பதில்லை, ஆகவே படிக்கட்டில் தொங்குவதற்கு இது மருந்தே அல்ல. பல போன்களில் ஏற்கெனவே ஆனில்தான் இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அணைத்திருந்தால் மறுபடி ஆன் செய்யலாம்.

ஐபோன்காரர்களுக்குத்தான் இதில் ஏமாற்றம். ஐஓஎஸ் 9 முதல், அதாவது 2015 முதல், Wi-Fi Assist என்று ஒன்று இருக்கிறது, மொபைல் டேட்டா பக்கத்தில் கடைசி வரை இறக்கினால் தெரியும், பொதுவாக ஆனிலேயே இருக்கும். பெயரைப் பார்த்தால் நமக்காகவே செய்தது போல இருக்கும். ஆனால் ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் தெளிவாகச் சொல்கிறது: திரையில் முன்னால் திறந்திருக்கும் ஆப்புக்கு மட்டுமே இது வேலை செய்யும், பின்னணியில் இறங்குவதற்குச் செய்யாது, போதாக்குறைக்கு ஆடியோ, வீடியோ ஸ்ட்ரீம் செய்யும் வெளி ஆப்கள் சிலவற்றுக்கும் செய்யாது. பாக்கெட்டில் பூட்டிக் கிடக்கும் போனில் ஓடுகிற பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வசதி வேறு இருக்க முடியாது. ஆன் செய்து வைத்தும் பாட்டு நிற்கிறதே என்று குழம்புகிறவர்கள் குழம்ப வேண்டாம். ஆப்பிள் மியூசிக் மட்டும் இதில் தனி ஜாதி. வைஃபை, டேட்டா இரண்டு வழியையும் ஒரே இணைப்பில் சேர்த்து நடத்தும் மல்டிபாத் டிசிபி என்ற முறையை 2019-இல் ஐஓஎஸ் 13-இலிருந்து அந்த ஆப்புக்குக் கொடுத்துவிட்டார்கள், ஒரு வழி செத்தாலும் இன்னொன்றில் டேட்டா வந்துகொண்டிருக்கும். அதற்காக ஆப் மாறச் சொல்லமாட்டேன், பிளேலிஸ்ட்டை எல்லாம் தூக்கிக்கொண்டு போவது தலைவலி.

ரௌட்டர் பக்கத்தில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு, இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரைத் தாண்டித் தூரம் போகும், 5 கிகாஹெர்ட்ஸ் அவ்வளவு போகாது. ரௌட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனில் 5-ஐ மட்டும் சேர்த்து 2.4-ஐ மறக்கச் செய்துவிட்டால், கான்க்ரீட் தளம் குறுக்கே வந்ததும் வைஃபை இழுத்துக்கொண்டிருக்காமல் சீக்கிரம் விழுந்துவிடும். அதுதானே நமக்கு வேண்டும். இரண்டு அறை வீட்டில் ரௌட்டர் நடுவில் இருந்தால் செய்யலாம், பெரிய வீட்டில் வேண்டாம், சமையலறையில் நெட் இல்லாமல் போய்விடும். மாடிப்படி வரை எட்ட வேண்டும் என்று எக்ஸ்டெண்டர் வாங்கி வைப்பவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர், செத்துப்போகும் எல்லை படிக்கட்டிலிருந்து தெருமுனைக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

டவுன்லோட்

முழுத் தீர்வு வேண்டும் என்றால் இதுதான், சந்தேகமில்லை. பாட்டு போனிலேயே இருந்தால் நெட் மாறினால் என்ன, போனால் என்ன. நாலு நிமிடப் பாட்டு 160 தரத்தில் 4.8 எம்பி, நூறு பாட்டுக்கு 480 எம்பி, இன்றைய போன்களில் இந்த இடம் பெரிய விஷயமில்லை. மெட்ரோவில் சுரங்கத்துக்குள் போகிறவர்களுக்கும், ரயிலில் ஊருக்குப் போகிறவர்களுக்கும் வேறு வழியே தேட வேண்டாம்.

ஆனால் காசு வேண்டும். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் இரண்டிலும் பாட்டை இறக்கி வைக்க பிரீமியம் கட்டியாக வேண்டும், கட்டினாலும் 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆப் ஆன்லைனில் வந்து போகவேண்டும், இல்லையென்றால் இறக்கியது ஓடாது. அப்புறம், இறக்கி வைத்த பாட்டை மட்டுமே கேட்பவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. பிளேலிஸ்ட் முடிந்ததும் ஆப் தானாகப் போடும் பாட்டுகள், ரேடியோ என்ற பெயரில் வரும் கலவைகள், அப்போது தோன்றித் தேடிப் போடும் ஒரு பழைய பாட்டு, இதெல்லாம் நெட்டிலிருந்துதான் வரும். பிரீமியம் இருந்தும் நிற்கிறதே என்று சொல்கிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இப்படிக் கலந்து கேட்கிறவர்களாக இருப்பார்கள். முழுக்க இறக்கியதையே கேட்பது உறுதி என்றால் ஆப்பை ஆஃப்லைன் மோடிலேயே போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

பிரீமியம் இல்லாதவர் தரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். 320-ஐ 96 ஆக்கினால் அதே பலவீனமான வைஃபையில் மூன்றில் ஒரு பங்கு டேட்டா வந்தாலே பஃபர் நிறைந்துவிடும். முதல் மாடியில் விட்டு விட்டு வருகிற வைஃபைக்கு இது உண்மையாகவே உதவும், கீழே ஒன்றுமே வராத இடத்தில் உதவாது. நிறைய ஆப்களில் வைஃபைக்குத் தனித் தரம், டேட்டாவுக்குத் தனித் தரம் வைக்க முடியும், எல்லோரும் டேட்டாவுக்கானதைத்தான் குறைப்பார்கள். இந்தப் பிரச்சினைக்குக் குறைக்க வேண்டியது வைஃபைக்கானதை. பஸ் சத்தத்தில் வித்தியாசம் தெரியப்போவதில்லை, ராத்திரி அமைதியாகக் கேட்கிறவர்களுக்குத் தெரியும்.

விபிஎன்

இது விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிற வழி, கோட்பாட்டில் அழகாக இருக்கும். வயர்கார்டு மாதிரி விபிஎன் போட்டால் போனின் போக்குவரத்தெல்லாம் விபிஎன் சர்வருக்கு ஒரு சுரங்கம் போன்ற இணைப்பில் போகும், ஆப்புக்குத் தெரிவது அந்தச் சுரங்கத்துக்குள்ளே உள்ள ஒரே ஐபி முகவரிதான். வெளியே வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினாலும், போனிலிருந்து புது முகவரியில் ஒரு டேட்டா பாக்கெட் போய்ச் சேர்ந்ததும் சர்வர் அந்த இடத்துக்கே பதில் அனுப்ப ஆரம்பித்துவிடும், உள்ளே டிசிபி இணைப்பு அறுபடாது. ஆனால் அறுபடுவது நம் பிரச்சினை இல்லை என்று மேலேயே பார்த்துவிட்டோம். படிக்கட்டில் வைஃபை டேட்டா கொடுக்காவிட்டால் விபிஎன்னுக்கும் கொடுக்காது. பாட்டுக்காக மட்டும் இதைப் போடுவது வீண், அதுவும் இலவச விபிஎன் ஆப் ஒன்றை இறக்கி, போனின் மொத்தப் போக்குவரத்தையும் முகம் தெரியாத ஒருவர் வழியாக அனுப்புவது வேண்டவே வேண்டாம். ஆபீஸ் வேலைக்காக ஏற்கெனவே விபிஎன் ஓடுகிறது என்றால் கதை வேறு, சில சமயம் அதுவே மாறிய பிறகு மறுபடி இணைய நேரம் எடுத்துப் பாட்டை நிறுத்தும், அணைத்துவிட்டு மேலே சொன்ன சோதனையைச் செய்தால் தெரிந்துவிடும்.

திரும்பி வரும்போது ஏன் நிற்பதில்லை?

கவனித்திருப்பீர்கள், வீட்டிலிருந்து போகும்போது நிற்கிற அளவுக்கு வீட்டுக்கு வரும்போது நிற்பதில்லை. டேட்டாவிலிருந்து வைஃபைக்கு வரும்போது ஆண்ட்ராய்டு பழைய டேட்டா இணைப்பை உடனே வெட்டாது, 30 நொடி வரை உயிரோடு வைத்திருக்கும், ஓடிக்கொண்டிருந்தது அதிலேயே முடிந்துகொள்ளும், புதுசாகத் தொடங்குவது மட்டும் வைஃபைக்குப் போகும். போகும்போது இந்தச் சலுகை கிடைக்காது, ஏனென்றால் அப்போது சாவது பழைய இணைப்பு. வரும்போதும் நிற்கிறது என்றால் கேட்டிலேயே பலவீனமான வைஃபையில் போன் அவசரப்பட்டுச் சேர்கிறது என்று அர்த்தம், மாடியேறி உட்காரும் வரை வைஃபையை அணைத்தே வைத்திருப்பதைத் தவிர எளிய வழி இல்லை. ரயில் நிலையங்களில் ரயில்வயர் மாதிரி இலவச வைஃபையில் ஒருமுறை ஓடிபி போட்டுச் சேர்ந்திருந்தால், அடுத்தடுத்த முறை ரயில் ஸ்டேஷனில் நிற்கும்போது போன் தானாகவே அதைத் தேடிச் சேரும், லாகின் பக்கம் வந்து நிற்கும், ரயில் கிளம்பியதும் அறுபடும். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் Auto-connect-ஐ அணைத்துவிடுங்கள், ஐபோனில் அதன் பெயர் Auto-Join.

ரேடியோ கேட்பவர்கள்

இவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும், மேலே சொன்ன பாதி இவர்களுக்குப் பொருந்தாது. நேரலை ரேடியோவை முன்கூட்டி இறக்க முடியாது, அறிவிப்பாளர் இன்னும் பேசாததை எங்கிருந்து இறக்குவது? டவுன்லோட் என்ற வழியே கிடையாது. இணைய ரேடியோக்கள் பல பயன்படுத்தும் ஐஸ்காஸ்ட் சர்வர், நாம் இணைந்தவுடன் 64 கேபியை ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு அதற்குப் பிறகு நேரலை வேகத்தில்தான் அனுப்பும், அதுதான் அதன் வழக்கமான அமைப்பு. 128 கேபிபிஎஸ் நிலையம் என்றால் அந்த 64 கேபி நாலு நொடிக்குத்தான் வரும். பாட்டு ஆப்புக்கு 50 நொடி தாங்கும் இடத்தில் ரேடியோவுக்கு நாலு நொடி, எனவே முதல் மாடியிலேயே நின்றுவிடும், சட்டென்று மாறினாலும் ஒரு தடங்கல் கேட்கும்.

இவர்களுக்குக் கிளம்பும் முன் வைஃபையை அணைப்பது ஒன்றுதான் உருப்படியான வழி. அணைத்த பிறகு ரேடியோவை ஒருமுறை நிறுத்தி மறுபடி பிளே அழுத்திவிட்டால், டேட்டாவில் புதுசாக இணைந்து அந்த 64 கேபியையும் புதுசாக வாங்கிக்கொள்ளும். நிலையம் 64 கேபிபிஎஸ்ஸிலும் ஒலிபரப்புகிறது என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள், அதே 64 கேபி எட்டு நொடிக்கு வரும். 32-இல் 16 நொடி, பேச்சு நிகழ்ச்சிக்கும் செய்திக்கும் தாராளமாகப் போதும், பாட்டுக்குக் கொஞ்சம் தகரச் சத்தமாக இருக்கும்.